நொடிக்குப் பதினாறு பிரேம்

சிட்னியில் நான் உறுப்பினராக இருந்த திரைப்படக் கழகத்திலிருந்து மாதம் ஒரு கடிதம் தபாலில் வரும். பெரும்பாலும் ஒரே தாள்தான். என்ன படம், எந்த நாள், படம் முடிந்ததும் தேநீர் உண்டா என்பதோடு முடிந்துவிடும். ஒரு குளிர்காலத்தில் மட்டும் மூன்று தாள் வந்தது. அந்த ஜூலையில் ஊமைப்படங்கள் காட்டப் போகிறோம் என்று செயலாளர் எழுதியிருந்தார். அவர் பள்ளி நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது தாண்டியவர். தட்டச்சில் அடித்து, திருத்தங்களைக் கையால் எழுதி அனுப்புவது அவர் வழக்கம்.

அந்தக் கடிதத்தைப் போல ஓர் அழைப்பை நான் அதற்கு முன் படித்ததில்லை. படங்களின் பெயருக்குக் கீழே, எந்தப் பிரதியிலிருந்து காட்டப் போகிறோம், அந்தப் பிரதி எப்போது எடுக்கப்பட்டது, அதில் என்ன குறை, நொடிக்கு எத்தனை பிரேம் வேகத்தில் ஓட்டப் போகிறோம், பியானோ வாசிப்பவர் முன்கூட்டியே படத்தைப் பார்த்தாரா என்பது வரை எழுதியிருந்தார். மூன்றாம் தாளின் அடியில், இந்தக் கடிதத்தை நூலகப் பலகையில் ஒட்ட வேண்டாம் என்ற வழக்கமான வேண்டுகோள் இருந்தது. வணிக நோக்கில்லாத கழகங்களுக்குக் குறைந்த கட்டணத்தில் படம் இரவல் தருபவர்கள் விதிக்கும் நிபந்தனை அது. உறுப்பினர்களுக்கு மட்டுமே காட்டலாம், வாசலில் டிக்கெட் விற்கக் கூடாது, பொதுவில் விளம்பரம் செய்யக் கூடாது. அதனால் இந்தக் கழகங்களுக்குக் கடிதம்தான் சுவரொட்டி.

ஆஸ்திரேலியாவில் இந்தக் கழகங்களுக்கு ஒரு சரித்திரம் உண்டு. இன்றைய மெல்போர்ன் திரைப்பட விழா, 1952 ஜனவரியில் மலைப்பகுதியிலுள்ள ஒலிண்டா என்ற சிற்றூரில் இப்படிப்பட்ட கழகங்கள் கூடிப் படம் பார்த்ததிலிருந்து தொடங்கியது. சிட்னி விழா 1954-இல் பல்கலைக்கழக வளாகத்தில் ஆரம்பித்தது. அதுவும் கழகக்காரர்கள் வேலைதான். 16 மில்லிமீட்டர் பிரதிகளைத் தோளில் சுமந்து, பள்ளிக்கூடத்திலும் தேவாலய மண்டபத்திலும் போட்டுக் காட்டியவர்கள் அவர்கள். எங்கள் செயலாளர் இளம்பெண்ணாக அந்தக் கூட்டத்தில் இருந்தவர்.

நிகழ்ச்சியில் இரண்டு படங்கள். முதலாவது 'தி ஸ்டோரி ஆஃப் தி கெல்லி காங்'. சார்லஸ் டெய்ட் எடுத்தது. 1906 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் அதீனியம் மண்டபத்தில் முதலில் திரையிடப்பட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடிய கதைப்படங்களில் உலகத்திலேயே முதலாவது என்று இன்று எல்லோரும் ஒப்புக்கொள்கிற படம். நெட் கெல்லி என்ற கொள்ளைக்காரனும் அவன் கூட்டாளிகளும் இரும்புக் கவசம் மாட்டிக்கொண்டு போலீசோடு மோதிய கதை. அந்த ஒரு மணி நேரத்தில் இப்போது மிஞ்சியிருப்பது சுமார் 17 நிமிடம். இரண்டாவது, 1919-இல் வெளியான ரேமண்ட் லாங்ஃபோர்டின் 'தி சென்டிமென்டல் ப்ளோக்'. இது முழுசாகக் கிடைக்கிறது. எப்படிக் கிடைத்தது என்பதைக் கடிதம் ஒரு பக்கம் முழுக்கச் சொல்லியிருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு மணி நேரப் படம் என்று எப்படிச் சொல்கிறார்கள் என்பதையும் கடிதம் கணக்குப் போட்டுக் காட்டியது. படத்தின் நீளம் சுமார் 4000 அடி என்று பதிவு இருக்கிறது. 35 மில்லிமீட்டர் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். நொடிக்கு 16 பிரேம் என்று ஓட்டினால் ஓர் அடி ஒரு நொடி. ஆக 4000 நொடி, கிட்டத்தட்ட 67 நிமிடம். அதையே பேசும்படக் கருவியில் நொடிக்கு 24 பிரேம் வேகத்தில் ஓட்டினால் 44 நிமிடத்தில் முடிந்துவிடும். பிலிம் அதேதான், ஒரு பிரேம்கூடக் குறையவில்லை. ஆனால் அதில் நடப்பவர்கள் எல்லாம் ஓடுவார்கள், ஓடுபவர்கள் பறப்பார்கள். ஊமைப்படம் என்றால் கோமாளித்தனமான துள்ளல் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருப்பது இதனால்தான். படம் எடுத்தவர்கள் அப்படி எடுக்கவில்லை. தவறான வேகத்தில் காட்டியவர்கள் செய்த கெடுதல் அது.

கடிதத்தின் இரண்டாம் தாளில் ஒரு வரி என்னைப் பிடித்துக்கொண்டது. "சனிக்கிழமை மாலை ஒரு ரீலைப் போட்டு வேகம் பார்க்கப் போகிறோம். கண் கூர்மையானவர்கள் வந்தால் உதவியாக இருக்கும்" என்று எழுதியிருந்தார். அப்போது ஊரிலிருந்து என் சித்தப்பா வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். திருமங்கலம் பக்கத்தில் டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தவர். பிள்ளைகள் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, பகல் முழுக்க ஜன்னலருகே உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். "சித்தப்பா, இங்க ஒரு இடத்துல மெஷின் ஓட்டப் போறாங்க, வர்றீங்களா?" என்று கேட்டேன். "எந்த மெஷின்டா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குள் சட்டையை மாற்ற எழுந்துவிட்டார்.

தேவாலயத்தை ஒட்டிய மண்டபம். உள்ளே வெளியைவிடக் குளிர். செயலாளரும், கழகத்தின் படம் ஓட்டுபவரும், பியானோ வாசிக்கும் அம்மாவும் இருந்தார்கள். சித்தப்பா யாரிடமும் பேசவில்லை. நேரே கருவியிடம் போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, படம் போகும் வழியைக் கண்ணாலேயே தொடர்ந்து பார்த்தார். அவர் ஓட்டியது 35 மில்லிமீட்டர், கார்பன் குச்சி எரியும் பெரிய கருவி. கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான் என்பதால் ரீல் முடிகிறபோதெல்லாம் இடைவேளை. இது மேசையில் வைக்கிற சின்னக் கருவி. ஆனாலும் பற்சக்கரம், கேட், ஷட்டர் என்று உள்ளே இருக்கும் உறுப்புகள் ஒன்றுதான்.

கருவி நடுத்தர வயதுடையது, வேகத்தைத் திருகிக் குறைக்க வசதி உள்ளது. 'ப்ளோக்' படத்தின் முதல் ரீலை 24-இல் தொடங்கி மெல்லக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். செயலாளர் கையில் நோட்டு. எந்த வேகம் சரி என்று கண்டுபிடிக்க அவர் பார்த்தது நடிகர்களின் முகத்தை இல்லை. தெருவில் பின்னால் போகிறவர்களின் நடையை, கீழே விழும் பொருளை, ஊதி விடும் புகையை. நடிகர் வேண்டுமென்றே நிதானமாகவோ அவசரமாகவோ நடிக்கலாம், புகை நடிக்காது என்றார். அந்தக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். ஒரு சுற்றுக்கு 8 பிரேம், நொடிக்கு இரண்டு சுற்று. கை அசந்தால் வேகம் மாறும், வெளிச்சம் குறைந்தால் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றுவார்கள். அதனால் ஒரே படத்தில்கூட எல்லாக் காட்சிக்கும் ஒரே வேகம் பொருந்தாது. ஒளிப்பதிவு செய்த ஆர்தர் ஹிக்கின்ஸின் கை எவ்வளவு சீராகச் சுற்றியது என்பதை அன்று மாலை நாங்கள் நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

இன்னொரு சோதனையும் உண்டு. டைட்டில் கார்டைச் சாதாரணமாகப் படித்து முடிக்க நேரம் கிடைக்கிறதா என்று பார்ப்பது. இந்தப் படத்தில் அது முக்கியம். சி. ஜே. டென்னிஸ் 1915-இல் வெளியிட்ட செய்யுள் நூலைத்தான் லாங்ஃபோர்ட் படமாக்கினார். கார்டுகளில் வருவது அந்தச் செய்யுள் வரிகளேதான். அதுவும் தெருப்பையன்களின் கொச்சை. டென்னிஸ் தன் நூலின் கடைசியில் ஓர் அருஞ்சொல் அகராதியே சேர்த்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். 24-இல் ஓட்டியபோது ஆஸ்திரேலியாவில் பிறந்த செயலாளரே பாதிக் கார்டைப் படிக்கத் தவறினார். 18-க்கு வந்ததும் எனக்கும் படிக்க முடிந்தது.

16-க்கு இறக்கியபோதுதான் சிக்கல். நடை அச்சு அசலாக மனித நடையாகிவிட்டது, ஆனால் திரை முழுக்கத் துடிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் பார்த்தால் தலை வலிக்கும். படம் ஓட்டுபவர் விளக்கைச் சந்தேகப்பட்டார். செயலாளர் மின்சாரத்தைச் சந்தேகப்பட்டார். சித்தப்பா என் தோளைத் தட்டினார். "விளக்கும் இல்ல, கரண்டும் இல்ல. ஷட்டர்ல ரெண்டு பிளேடுதான் இருக்கு. எண்ணிப் பாக்கச் சொல்லு." நான் ஆங்கிலத்தில் சொன்னேன். கருவியை நிறுத்தி, மூடியைக் கழற்றி, கையால் சுழற்றிப் பார்த்தார்கள். இரண்டு.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒரு பிரேம் போய் அடுத்த பிரேம் வந்து நிற்கும்வரை திரையில் வெளிச்சம் விழக் கூடாது, விழுந்தால் படம் கோடாக இழுபடும். அந்த நொடித்துளியில் வெளிச்சத்தை மறைக்கத்தான் ஷட்டரின் ஒரு பிளேடு. ஆனால் நொடிக்கு 24 முறை மட்டும் இருட்டடித்தால் கண் அதைக் கண்டுபிடித்துவிடும். அதனால் பிரேம் நிற்கும்போதே இன்னொரு பிளேடும் ஒரு முறை குறுக்கே போகும். 24 பிரேம், இரண்டு பிளேடு, மொத்தம் 48 மின்னல். அந்த அளவு வேகத்தைக் கண் தொடர் வெளிச்சமாக எடுத்துக்கொள்ளும். அதே இரண்டு பிளேடோடு 16-இல் ஓட்டினால் 32 மின்னல்தான். கண் பிடித்துவிடுகிறது. ஊமைப்படக் காலத்துக் கருவிகளில் அதற்காகவே மூன்று பிளேடு வைத்தார்கள். 16-ஐ மூன்றால் பெருக்கினால் மறுபடியும் 48. சித்தப்பா வாழ்நாளில் ஓர் ஊமைப்படம்கூட ஓட்டியவர் இல்லை. ஆனால் கொட்டகையில் மோட்டார் பெல்ட் தளர்ந்து வேகம் இறங்கும்போதெல்லாம் திரை இப்படித் துடித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

உறுப்பினர் ஒருவர் வீட்டில் பழைய கருவி ஒன்று இருந்தது, 16, 24 என்று இரண்டு வேகம் மட்டும் உள்ளது. போன் செய்து, அன்றிரவே கொண்டுவந்தார்கள். மூன்று பிளேடு. துடிப்பு நின்றது. ஆனால் மூன்று பிளேடு என்றால் வெளிச்சம் இன்னும் அதிகமாகத் தடுக்கப்படும், படம் மங்கிவிட்டது. அதற்குச் சித்தப்பா வழி சொல்லவில்லை, செயலாளருக்கே தெரிந்திருந்தது. கருவியைத் திரைக்கு அருகே நகர்த்தினார்கள். படத்தின் அகலத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிடும், அதே வெளிச்சம் அந்தச் சின்னப் பரப்பில் விழும்போது கண்ணுக்குத் தெளிவு திரும்பிவிடும். நாற்காலி வரிசைகளை முன்னால் இழுத்துப் போட்டோம். பெரிய மங்கலான படமா, சிறிய தெளிவான படமா என்றால் நான் எப்போதும் இரண்டாவதையே கேட்பேன்.

காட்சி நாள் வந்தது. முதலில் கெல்லி படத்தின் துண்டுகள். 16 மில்லிமீட்டரில் இல்லை, ஆஸ்திரேலியத் திரைப்பட ஆவணக் காப்பகம் 2006-இல் மீட்டெடுத்த வடிவத்தின் வீடியோ பிரதி. அதையும் கடிதம் மறைக்காமல் சொல்லியிருந்தது. சில துண்டுகள் வியக்கும் அளவுக்குத் தெளிவு, ஒவ்வொரு இலையும் தெரிகிறது. சில துண்டுகளில் பிலிமே அழுகிவிட்டது. துப்பாக்கிச் சண்டையின் நடுவே கறையும் கொப்புளமும் பொங்கி வந்து ஆட்களை விழுங்குகின்றன, பிறகு விலகுகின்றன, கவசம் போட்டவன் இன்னும் சுட்டுக்கொண்டு நிற்கிறான். மண்டபத்தில் யாரும் சிரிக்கவில்லை.

பிறகு 'ப்ளோக்'. பில் என்ற தெருச்சண்டியன், சூதாடிச் சிறைக்குப் போய் வந்தவன், ஊறுகாய் தொழிற்சாலையில் பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் டோரீன் என்ற பெண்ணைக் காதலித்து, திருந்தி, கல்யாணம் செய்துகொண்டு, கிராமத்துப் பழத்தோட்டத்தில் குடியேறும் கதை. கதையாகச் சொன்னால் இவ்வளவுதான். மூலத்தில் மெல்போர்னில் நடப்பது, லாங்ஃபோர்ட் சிட்னியின் வூலூமூலு சந்துகளில் எடுத்தார். சந்தும், கல் சுவரும், உலர்த்திய துணியும் அப்படியே படத்தில் இருக்கின்றன.

பில்லாக நடித்த ஆர்தர் டாச்சர்ட் மேடையில் நகைச்சுவை செய்துகொண்டிருந்தவர். கனத்த உடம்பு, சப்பை மூக்கு, எந்த விதத்திலும் கதாநாயக முகம் கிடையாது. டோரீனாக லாட்டி லைல். இருவரும் 'ரோமியோ ஜூலியட்' நாடகம் பார்க்கப் போகும் காட்சி ஒன்று உண்டு. மேடையில் நடப்பதை பில் நிஜமென்றே எடுத்துக்கொள்கிறான். அந்தச் சண்டையில் தானும் இறங்கிவிடுவான் போல உட்கார்ந்த இடத்திலேயே உடம்பு முறுக்குகிறது. டாச்சர்ட் அங்கே கையை விரிக்கவில்லை, கண்ணை உருட்டவில்லை. தாடை இறுகுகிறது, அவ்வளவுதான். 24-இல் ஓட்டியிருந்தால் அந்தத் தாடை இறுகுவதை நாங்கள் பார்த்திருக்கவே முடியாது. சரியான வேகத்துக்காக ஒரு மாலை முழுக்கச் செலவழித்தது இந்த ஒரு முகத்துக்காகவே தகும்.

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் படிக்க வராது. ஆரம்பத்தில் கார்டுகளை அவர் காதில் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரத்தில் "சும்மா இருடா, புரியுது" என்றுவிட்டார். இடையில் ஒரு தரம் மட்டும், "எங்க ஐயா காலத்துல கொட்டகையில ஒருத்தர் திரைக்குப் பக்கத்துல நின்னு கதை சொல்வாராம்" என்றார். உண்மைதான். தமிழ்நாட்டு ஊமைப்படக் கொட்டகைகளில் எழுதப் படிக்கத் தெரியாத கூட்டத்துக்காகக் கார்டுகளை உரக்கப் படித்து விளக்கம் சொல்ல ஆள் வைத்திருந்தார்கள்.

இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு கடிதத்தின் அந்த ஒரு பக்கத்தைச் சித்தப்பாவுக்கு முழுக்கப் படித்துச் சொன்னேன். பேசும்படம் வந்ததும் ஊமைப்படங்கள் காசு பெறாத சரக்காகிவிட்டன. லாட்டி லைல் 1925-இல் காசநோயில் இறந்துபோனார், வயது 35. நடித்ததோடு நிற்காமல் லாங்ஃபோர்டோடு சேர்ந்து திரைக்கதையும் எழுதியவர். எங்கள் கடிதத்தில் லாங்ஃபோர்டின் பெயர் எந்த அளவு எழுத்தில் இருந்ததோ அதே அளவில் அவர் பெயரும் இருந்தது, அது தற்செயல் இல்லை. லாங்ஃபோர்டுக்கு மெல்ல மெல்லப் படவாய்ப்பு அற்றுப்போனது. கடைசிக் காலத்தில் சிட்னித் துறைமுகத்தில் இரவுக் காவலாளியாக இருந்தார். 1950களில் படத்தின் பழைய பிரதி ஒன்று கிடைத்து, அதிலிருந்து 16 மில்லிமீட்டர் பிரதி எடுத்து, 1955 சிட்னி விழாவில் காட்டினார்கள். பார்த்தவர்கள் திகைத்துப் போனார்கள். லாங்ஃபோர்ட் அப்போது உயிரோடு இருந்தார், 1959-இல் இறந்தார். நாங்கள் அன்று பார்த்தது அந்த வழியில் வந்த கறுப்பு வெள்ளைப் பிரதிதான்.

அதைவிடத் தெளிவான மூலம் வேறெங்கோ இருந்தது. அமெரிக்காவில் ரோச்செஸ்டர் நகரத்து ஜார்ஜ் ஈஸ்ட்மேன் ஹவுஸ் காப்பகத்தில் 'தி சென்டிமென்டல் ப்ளோண்ட்' என்று தவறாகப் பெயர் எழுதிய டப்பாக்களில் இந்தப் படத்தின் நெகட்டிவ் இருந்ததை 1970களில் கண்டுபிடித்தார்கள். பொன்னிறக் கூந்தல்காரி ஒருத்தியின் கதை என்று நினைத்து யாரோ அடுக்கி வைத்துவிட்டார்கள். அமெரிக்க விற்பனைக்காகச் சுருக்கி, கார்டுகளையும் அந்த ஊர்ப் பேச்சுக்கு மாற்றியிருந்த வடிவம் அது. அதன் தெளிவான பிம்பத்தையும் ஆஸ்திரேலியப் பிரதியின் கார்டுகளையும் ஒன்றுசேர்த்து, பழைய சாயங்களோடு மீட்டெடுத்த படம் 2004 சிட்னி விழாவில் காட்டப்பட்டது. லேபிளைத் தப்பாக எழுதிய அந்த எழுத்தர் அதைத் தூக்கி எறியவில்லையே, அதுவே பெரிய காரியம்.

சித்தப்பா கேட்டுவிட்டு, "நம்ம படம் எதுனா இப்படிக் கெடச்சிருக்கா?" என்றார்.

நடராஜ முதலியார் 1910களின் பிற்பகுதியில் சென்னையில் எடுத்த 'கீசக வதம்', தென்னிந்தியாவின் முதல் கதைப்படம், ஒரு பிரேம்கூட இல்லை. அதன்பின் சென்னையில் எடுத்த ஊமைப்படங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. தென்னாட்டில் பெருமளவு மிஞ்சியது 1933-இல் வந்த 'மார்த்தாண்ட வர்மா' ஒன்றுதான். அதன் மூல நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரத்துப் பதிப்பகம் வழக்குப் போட்டு, சில காட்சிகளோடு படம் நின்றுபோனது. பிரதி அந்தப் பதிப்பகத்திலேயே பூட்டிக் கிடந்தது. அதனால் பிழைத்தது. ஓடி ஓடித் தேய்ந்த படங்கள் அழிந்தன, ஓடாமல் தடுக்கப்பட்ட படம் காப்பகத்துக்கு வந்து சேர்ந்தது. கல்கத்தாவில் மதன் கம்பெனி 1919-இல் எடுத்த 'பில்வமங்கள்' படத்தின் ஒரு பகுதி பாரிஸ் காப்பகத்திலிருந்து 2016-இல் புனேக்கு வந்தது. எனவே வெளிநாட்டில் கிடக்க வாய்ப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. சென்னைப் படங்கள் பர்மாவுக்கும் இலங்கைக்கும் மலாயாவுக்கும் கப்பலேறின. திருப்பி அனுப்பக் கப்பல் கூலி தருவதைவிட அங்கேயே போட்டுவிடுவது மலிவு என்ற கணக்கால்தான் ஆஸ்திரேலியாவிலும் பல அயல்நாட்டுப் படங்கள் தங்கிப்போயின.

ஆஸ்திரேலியக் காப்பகம் 1981-இல் 'கடைசிப் படத் தேடல்' என்று பெயர் வைத்து, நாடு முழுக்க வீட்டுக் கொட்டகையிலும் பழைய தியேட்டர் மச்சிலும் கிடந்த நைட்ரேட் சுருள்களைத் தேடிச் சேர்த்தது. நம்மிடம் அந்த அளவில் ஒரு தேடல் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த வரிகளை யாழ்ப்பாணத்திலோ, பினாங்கிலோ, காரைக்குடியிலோ, மெல்போர்னிலோ வாசிப்பவர்களில் பழைய கொட்டகை நடத்திய குடும்பத்தவர், படம் வாங்கி விற்ற குடும்பத்தவர் யாராவது இருக்கக் கூடும். அவர்களுக்குச் சித்தப்பாவும் செயலாளரும் சேர்ந்து எனக்குச் சொன்னதைச் சொல்லிவிடுகிறேன்.

பரணில் தகர டப்பா ஏதாவது இருந்தால் அதைக் கருவியில் மாட்டிப் பார்க்காதீர்கள். 1950களின் தொடக்கம் வரை வந்த 35 மில்லிமீட்டர் பிலிம் பெரும்பாலும் நைட்ரேட். அது எரிய வெளிக்காற்றே வேண்டாம், தண்ணீருக்குள்ளும் எரியும். 2003 ஜனவரியில் புனேயில் நைட்ரேட் கிடங்கு பற்றி எரிந்து ஏராளமான பழைய படங்கள் சாம்பலானது நினைவிருக்கலாம். டப்பாவை அடுப்புக்கும் வெயிலுக்கும் எட்டாத குளிர்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். திறந்து பார்த்தே ஆக வேண்டுமென்றால் காற்றோட்டமான இடத்தில், ஒரு நிமிடம் மட்டும். பிலிமின் ஓரத்தில் 'NITRATE' அல்லது 'SAFETY' என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். காடி வாடை வந்தால் அது பின்னால் வந்த அசிடேட் வகை, அதுவும் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிம்பம் பழுப்பேறி, சுற்றுகள் ஒட்டிக்கொண்டு, பிசுபிசுப்போ நுரையோ தெரிந்தால் நைட்ரேட் அழுக ஆரம்பித்துவிட்டது. பழுப்புத் தூளாகிவிட்டால் அந்தச் சுருள் போயிற்று, அதைத் தொடவும் கூடாது, அது மிகவும் ஆபத்தானது. ஆனால் ஒரு டப்பாவுக்குள் பாதி தூளும் பாதி நல்ல பிலிமும் இருப்பது உண்டு. கெல்லி படத்தில் மிஞ்சியது அந்த மாதிரித் துண்டுகள்தான். டப்பாவின் மேலே எழுதியிருக்கும் பெயரை நம்ப வேண்டாம், பெயரே இல்லை என்பதற்காகத் தூக்கிப் போடவும் வேண்டாம். டப்பாவையும் லேபிளையும் படம் எடுத்து, இந்தியாவில் இருந்தால் புனேயிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும், வேறு நாட்டில் இருந்தால் அந்நாட்டுக் காப்பகத்துக்கும் இந்த வாரமே ஒரு கடிதம் எழுதிவிடுங்கள்.